உகாண்டா பள்ளி மானியம்: ரென்ட் சீக்கிங்கா, கிளையன்டலிசமா?

ஒப்பீட்டு அரசியல் கட்டுரை ஒன்றில் சிக்கி நிற்கிறேன். எடுத்துக்கொண்டது உகாண்டா, 1991 முதல் 1995 வரை. மத்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி ஒதுக்கிய மானியம் மாவட்ட நிர்வாகம் வழியாகப் போனது. 250 பள்ளிகளில் நடந்த கள ஆய்வின்படி, சராசரியாக 13 சதவீதமே பள்ளியை அடைந்தது.

அதிகாரிகள் தங்கள் ஆதாயத்துக்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் ரென்ட் சீக்கிங். ஆதரவாளர்களுக்குச் சலுகையாகக் கொடுத்து விசுவாசம் வாங்கினார்கள் என்றால் கிளையன்டலிசம். இரண்டிலும் பள்ளிக்குப் பணம் வராது. விளைவை மட்டும் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

முதலில் தேர்தல் நாட்காட்டியோடு ஒப்பிட்டேன். அந்தக் காலத்துக்குள் வரும் தேசிய அளவிலான தேர்தல் 1994 அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் மட்டும். ஒரே தேர்தலை வைத்து ஏற்ற இறக்கம் காட்டுவது பலவீனமான வாதம். கட்சி வாரியான வாக்குகளும் உதவாது, அப்போது கட்சிகள் தேர்தலில் போட்டியிட முடியாது.

கையில் உள்ள வலுவான தடயம் ஒன்றுதான். பெரிய பள்ளிகளும் வசதியான ஊர்ப் பள்ளிகளும் கூடுதல் பங்கு பெற்றன. கேட்டு வாங்கும் பலம் உள்ளவர்களிடம் அதிகாரி விட்டுக்கொடுத்தார் என்று இதை ரென்ட் சீக்கிங் பக்கம் வைக்கலாம். ஆனால் செல்வாக்குள்ள ஊரை அரசியல்வாதி தன்பக்கம் வைத்துக்கொண்டார் என்றும் வாசிக்கலாமே! கசிந்த பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்பது தரவில் இல்லை.

பணம் போய்ச் சேர்ந்த இடம் தெரியாத நிலையில், இந்த இரண்டு விளக்கங்களும் வேறு வேறு விளைவைக் கணிக்கும்படியான, பள்ளி அல்லது மாவட்ட அளவில் அளக்கக்கூடிய ஒரு குறியீடு எது?