கோப்பை விற்கவில்லை: படம் காரணமா, விலையா, விவரமா? (படம் இணைத்துள்ளேன்)

மண்விரல்
வணக்கம். படத்தில் இருப்பது நானே சக்கரத்தில் வனைந்து சுட்ட பீங்கான் கோப்பை. கடல்பச்சை நிறம், பளபளப்பான கிளேஸ். இணையத்தில் விற்பனைக்குப் போட்டு 30 நாள் ஆகிறது. இதுவரை ஒன்றுதான் விற்றது. வாங்கியவரும் "நினைத்ததைவிடச் சிறியது, நிறமும் வேறு" என்று எழுதியிருக்கிறார்.

தலைப்பு: "அழகிய கைவினைக் கோப்பை, பரிசளிக்க ஏற்றது". விவரத்தில் நான்கு வரி இருக்கிறது. விலை, இதே மாதிரி கைவேலைக் கோப்பைகளின் விலையை ஒட்டியதுதான். படத்தை மேசையில் வைத்துக் கைப்பேசியில் எடுத்தேன். எதை மாற்றுவது என்று தெரியவில்லை. ஒருவர் விலை என்கிறார், ஒருவர் படம் என்கிறார்.

வேகநடை
விலைதான். 20 சதவீதம் குறைத்துப் பாருங்கள், உடனே நகரும். புதிய விற்பனையாளருக்கு விமர்சனங்கள் இருக்காது. அதற்கு ஈடாக விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

சாளரஒளி
விமர்சனம் இல்லாதது ஒரு தடை என்பது உண்மை. ஆனால் விலையில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு. ஒரு கோப்பையில் உங்களுக்கு நிற்கும் லாபம் விலையில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100க்கு விற்றால் 30 நிற்கும். அதையே 80க்கு விற்றால் 10தான் நிற்கும். பழைய லாபத்தை எட்ட மூன்று மடங்கு விற்க வேண்டும். கையால் வனைபவருக்கு அது லேசான வேலை இல்லை.

மண்விரல், விற்பனைப் பக்கத்தின் புள்ளிவிவரத்தில் மூன்று எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்: தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் கூடையில் போட்டார்கள். ஆட்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் ஊகம்தான்.

பைமுடிச்சு
எனக்கும் இதே பிரச்சினை. நான் விற்பது கறுப்புத் துணிப்பை. படத்தில் சாம்பல் நிறமாக வருகிறது. பின்னணியை அழிக்க எந்தச் செயலி நல்லது?

மண்விரல்
பார்த்தேன். 4,200 முறை காட்டப்பட்டிருக்கிறது. 38 பேர் திறந்திருக்கிறார்கள். கூடையில் 2, ஆர்டர் 1.

சாளரஒளி
அப்படியானால் ஆயிரம் பேர் பார்த்ததில் 9 பேர்தான் திறந்தார்கள். தேடல் பட்டியலில் அவர்கள் கண்ணில் படுவது சிறிய படம், தலைப்பின் முதல் சில சொற்கள், விலை, அவ்வளவுதான். உங்கள் நான்கு வரி விவரத்தை 38 பேர்தான் பார்த்திருக்க முடியும். அதை வைத்து விவரம் நன்றா, மோசமா என்று சொல்லவே முடியாது. விலையும் கிளிக்கைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்களை ஒட்டித்தான் வைத்திருக்கிறீர்கள். அதனால் சந்தேகம் முதலில் படத்தின் மேல்தான் போகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது, மேலே மஞ்சள் விளக்கும் எரிகிறது. இரண்டும் வேறு நிற ஒளி. மஞ்சள் ஒளி பட்ட பக்கத்தில் நீலச் சாயல் செத்துப்போய், கடல்பச்சை இலைப்பச்சையாகத் தெரிகிறது. இதைப் பிறகு செயலியில் எளிதில் திருத்த முடியாது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் நீலம் பாய்ந்துவிடும். வாங்கியவர் நிறம் வேறு என்றது இதனால்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, மிக அருகில் போய் எடுத்திருக்கிறீர்கள். அதனால் வாய் விரிந்தும் அடி குறுகியும் தெரிகிறது. கோப்பையின் வடிவமே மாறிவிட்டது. பெரிய கோப்பை என்று அவர் எண்ணியதற்கும் அதுவே காரணமாகலாம்.

இப்படிச் செய்து பாருங்கள். அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கமாக மேசையைத் தள்ளுங்கள். பெரிய வெள்ளைத்தாளின் மேல் முனையைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் மேசை வரை வளைத்து இறக்குங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். ஓரடி பின்னால் வந்து 2x வைத்து எடுங்கள். வெள்ளைப் பின்னணி நிறைய இருந்தால் கேமரா அதை மங்கலாக்கிச் சாம்பலாகக் காட்டும். திரையில் கோப்பையைத் தொட்டுக் குவியம் வைத்த பிறகு கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், தாள் வெள்ளையாகும் வரை. கிளேஸில் ஜன்னலின் நீளமான ஒளிக்கீற்று ஒன்று விழுந்தால் அதை அழிக்க வேண்டாம். பளபளப்பைச் சொல்வது அதுதான்.

பைமுடிச்சு, உங்களுடையது இதற்கு நேர் எதிர். கறுப்பு நிறைந்த காட்சியைக் கேமரா வெளிச்சமாக்கிவிடும், நீங்கள் குறைக்க வேண்டும். பின்னணியை அழிப்பதால் அது சரியாகாது.

வேகநடை
சரி, படத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் வெள்ளைப் பின்னணி கைவேலைப் பொருளை ஆலையில் செய்ததுபோல் காட்டிவிடும். மரமேசையில்தான் உயிர் இருக்கும்.

சாளரஒளி
அது தளத்தைப் பொறுத்தது. அமேசானில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் படச்சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. கைவினைத் தளங்களில் மரமேசையும் எடுபடும். ஆனால் இந்தப் படத்தில் பழுப்பு மேசையில் கோப்பையின் அடிவிளிம்பு கரைந்துவிட்டது. சிறிய படத்தில் உருவமே பிடிபடவில்லை. மரமேசைப் படத்தை இரண்டாவதாக வைக்கலாம். மூன்றாவதாக, கையில் பிடித்தபடி ஒன்று. அளவு அதில்தான் புரியும்.

தலைப்பையும் தொடலாம். கைப்பேசித் திரையில் முன்பகுதி மட்டுமே தெரியும். "அழகிய" என்று யாரும் தேடுவதில்லை. பொருள், நிறம், கொள்ளளவு முன்னால் வரட்டும். உயரமும் எடையும் விவரத்தில் இருக்கட்டும். மைக்ரோவேவில் வைக்கலாம் என்பதை நீங்கள் சோதித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். ஆனால் முதலில் படத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கொஞ்ச நாள் பொறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மண்விரல்
10 நாள் கழித்து வருகிறேன். முதல் படத்தை மட்டும் மாற்றினேன். மூன்று தடவை எடுத்த பிறகுதான் நிறம் கோப்பையோடு ஒத்துப்போனது. கோப்பையைக் கைப்பேசித் திரையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இப்போது 1,500 முறை காட்டியதில் 41 பேர் திறந்திருக்கிறார்கள். கூடையில் 6. ஆனால் ஆர்டர் 1 மட்டுமே.

சாளரஒளி
ஆயிரத்துக்கு 9 ஆக இருந்தது 27 ஆகியிருக்கிறது. படம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆட்கள் நிற்கும் இடம் இப்போது கூடைக்குப் பிறகு. அந்தக் கடைசிப் பக்கத்தில் புதிதாக என்ன தெரிகிறது? அனுப்பும் செலவைத் தனியாக வைத்திருக்கிறீர்களா?

மண்விரல்
ஆமாம், தனியாகத்தான். உடையாமல் இருக்க இரட்டைப் பெட்டியில் போடுவதால் எடை கூடுகிறது. கோப்பை விலையில் ஏறக்குறைய கால்பங்கு வந்துவிடுகிறது.

வேகநடை
அதைத்தான் நான் விலை என்றேன்!

சாளரஒளி
அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி, வேகநடை. ஆனால் 6 பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. சிலர் பிறகு வாங்கலாம் என்று கூடையில் போட்டுவைப்பதும் உண்டு. செலவை விலையிலேயே சேர்த்தால் கடைசிப் பக்க அதிர்ச்சி போகும். ஆனால் தேடல் பட்டியலில் உங்கள் விலை மற்றவர்களைவிட உயரமாகத் தெரியும், கிளிக் குறையலாம். எது பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பைமுடிச்சு
வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தேன். பை இப்போது கறுப்பாகவே வருகிறது, ஆனால் தையல் வேலைப்பாடு தெரியவில்லை. ஜன்னலைப் பக்கவாட்டில் வைக்க வேண்டுமா?

சாளரஒளி
ஆமாம், ஒளி பக்கவாட்டில் உரசியபடி விழட்டும். எதிர்ப்பக்க வெள்ளை அட்டையை எடுத்துவிட்டும் ஒன்று எடுத்துப் பாருங்கள்.

மண்விரல்
இரண்டு கோப்பைகளை ஒரே பெட்டியில் இணையாக விற்றால் அனுப்பும் செலவு ஒன்றரை மடங்கைத் தாண்டாது என்று எடை போட்டுப் பார்த்தேன். தனிக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, இணையை மட்டும் செலவு சேர்த்த விலையில் நாளை போடுகிறேன். இரண்டு கோப்பையும் சேர்ந்த படத்துக்கு இன்று வெளிச்சம் போய்விட்டது, காலையில்தான் எடுக்க வேண்டும்.