துணையின் இடத்தில் நைட் ஆஃப் பென்டகிள்ஸ்: எப்படி வாசிப்பது?

டாரட் வாசிக்கும் நண்பர்களே, ஒரு உதவி. ரைடர் வெயிட் கட்டில் மூன்று சீட்டு எடுத்தேன். என் இடத்தில் நைட் ஆஃப் வாண்ட்ஸ், என் துணையின் இடத்தில் நைட் ஆஃப் பென்டகிள்ஸ், எங்கள் இருவருக்கும் நடுவில் ஃபோர் ஆஃப் கப்ஸ். மூன்றும் நேராகவே வந்தன.

நான்கு நைட்களில் பென்டகிள்ஸ் நைட்டின் குதிரை மட்டும்தான் அசையாமல் நிற்கிறது. ஆனால் பின்னால் இருப்பது உழுத நிலம். அதனால் வேலை செய்யாதவர் என்று சொல்ல மனம் வரவில்லை. நிஜத்திலும் என் துணை அப்படித்தான். ஆறு வருடமாக தினமும் இரவு ஒன்பதுக்கு போன் வரும், ஒருநாளும் தவறியதில்லை. கல்யாணப் பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது.

என் குழப்பம் நடுச்சீட்டில். மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்து, நீட்டிய கோப்பையைப் பார்க்காதவர் அவரா, நானா? தெளிவுக்கு இன்னொரு சீட்டு எடுக்கலாமா?