கடை ரீலுக்கு சினிமாப் பாட்டு: கணக்கை மாற்றிப் போட்டால் தப்பா?

செண்பகம், ஈரோடு
வீட்டிலேயே சேலை விற்கிறேன். தீபாவளிக்கு 20 நொடியில் ஒரு இன்ஸ்டா ரீல் தயார் செய்கிறேன். பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு, நடுவில் இலவசத் தளத்திலிருந்து எடுத்த ஒரு பெண்ணின் படம், கேப்ஷனில் பாரதியார் வரி. பிசினஸ் கணக்கில் தேடினால் அந்தப் பாட்டு வரவில்லை. பெர்சனல் கணக்காக மாற்றினால் வரும் என்கிறார்கள். மாற்றிப் போடலாமா?

ரீல் ரசிகன்
தாராளமாக மாற்றுங்கள் அக்கா. ஆப்பே கொடுக்கிற பாட்டுதானே, பாட்டுக் கம்பெனிகளுக்குக் காசு கொடுத்துதான் வைத்திருக்கிறார்கள். அதிலும் 15 நொடிக்குள் இருந்தால் எந்தச் சட்டமும் தொடாது. கேப்ஷனில் ‘பாட்டின் உரிமை உரியவர்களுக்கே’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சுந்தரம்
விளம்பரப் படங்களுக்குப் பாட்டு உரிமை வாங்கித் தருவதுதான் என் வேலை. காசு கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது சரி, ஆனால் எதற்குக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். நீங்களும் நானும் சொந்த மகிழ்ச்சிக்குப் பகிர்வதற்குத்தான் அந்த அனுமதி. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் தனியாக உரிமை வாங்க வேண்டும் என்று மெட்டாவின் இசை விதிகளிலேயே இருக்கிறது. பிசினஸ் கணக்கில் பாட்டு வராததற்குக் காரணமே அதுதான். கணக்கின் வகையை மாற்றினாலும் ரீலில் விற்பது சேலைதானே?

15 நொடிக் கணக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. உரிமை உரியவர்களுக்கே என்று எழுதினால், பாட்டு அடுத்தவருடையது என்று தெரிந்தேதான் எடுத்தோம் என நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

கடைவீதி குமார்
சார், நடைமுறையைப் பேசுங்கள். எங்கள் தெருவில் நகைக் கடையிலிருந்து பரோட்டா கடை வரை எல்லோரும் சினிமாப் பாட்டுதான் போடுகிறார்கள். யார் மேலேயும் கேஸ் வந்ததில்லை. மிஞ்சிப் போனால் சத்தத்தை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து ஒரு சின்னக் கடைக்காரர் கூட்டம் சேர்க்கும் பாட்டை விட முடியுமா?

சுந்தரம்
குமார், சின்னக் கடையைத் தேடி நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நஷ்டம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ரீல் நன்றாக ஓடுகிறது, ஆயிரம் ரூபாய் போட்டு பூஸ்ட் செய்யலாம் என்று போனால், பிறருக்கு உரிமை உள்ள பாட்டு இருப்பதால் முடியாது என்று திரையில் வரும். பாட்டை மாற்றிப் புது ரீலாகப் போட்டால் பழைய பார்வைகளும் கமெண்டுகளும் கூட வராது. புகார்கள் சேர்ந்தால் கணக்கே போகலாம். வாடிக்கையாளர் எல்லோரும் அந்த ஒரே கணக்கில் இருக்கும் கடைக்கு அது சின்ன விஷயமா?

பெரிய கடை என்றால் கதை வேறு. அமெரிக்காவில் பேங் என்ற எனர்ஜி பானத்தை விற்ற நிறுவனம் டிக்டாக் விளம்பரங்களில் பிரபலப் பாடல்களைப் போட்டது. யுனிவர்சல், சோனி இரண்டும் தனித்தனியாக வழக்குப் போட்டன. ஆப்பில் கிடைத்த பாட்டு என்பது காப்பாற்றவில்லை. இரண்டு வழக்கிலும் அது மீறல்தான் என்று 2022-ல் ஃபுளோரிடா நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மணி, கல்யாண வீடியோ
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கல்யாணத்துக்குப் பாட்டு போட விலக்கு இருக்கிறது என்று சட்டத்திலேயே இருக்கிறதே? 52ஆம் பிரிவு என்று மண்டபத்துக்காரர் காட்டினார். அதை நம்பித்தான் என் ஸ்டுடியோ பக்கத்தில் கல்யாண ஹைலைட்ஸ் எல்லாம் சினிமாப் பாட்டோடு போடுகிறேன். சேலையும் கல்யாணத்துக்குத்தானே வாங்குகிறார்கள்?

சுந்தரம்
மணி, அந்த விலக்கு உண்மைதான். ஆனால் அது மண்டபத்தில், கல்யாணம் நடக்கும்போது பாட்டு ஒலிப்பதற்கு. ஊர்வலம், வரவேற்பு எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் அதே பாட்டைப் படத்தோடு ஒட்டி, ஸ்டுடியோவுக்கு ஆர்டர் பிடிக்க இணையத்தில் போடுவது சடங்கின் பகுதி ஆகாது. செண்பகம் அம்மாவின் சேலைக்கும் அது பொருந்தாது.

செண்பகம், ஈரோடு
சரிங்க சார், அப்போது பாட்டே வேண்டாமா? தெரிந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் இருக்கிறார். அதே சினிமாப் பாட்டை அவரை வாசிக்கச் சொல்லி நானே ரெக்கார்டு செய்தால்?

சுந்தரம்
யோசனை நல்லது, பாட்டுதான் தப்பு. ஒரு சினிமாப் பாட்டில் பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒன்று, வரிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. நாதஸ்வரத்தில் வாசித்தால் பதிவும் வரிகளும் விலகும், மெட்டு அப்படியே நிற்கும்.

அவரை ஒரு தியாகராஜர் கீர்த்தனை வாசிக்கச் சொல்லுங்கள். தியாகராஜர் மறைந்தது 1847. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுதான் நம் சட்டத்தில் கணக்கு, அதனால் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. யாரோ வெளியிட்ட பதிவை மட்டும் எடுக்காதீர்கள், அதற்குத் தனி உரிமை உண்டு. வாசிப்பவருக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். கடை விளம்பரத்துக்கு, இணையத்தில், எந்த நாட்டிலும், எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் சேலையைச் சிங்கப்பூரிலிருந்தும் வாங்குவார்கள் இல்லையா?

அதற்கு நேரமில்லை என்றால் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் எடுங்கள். அது ஃபேஸ்புக், இன்ஸ்டாவுக்கான அனுமதி மட்டுமே. அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸில் போடுவதானால் வேறு இசை வையுங்கள்.

நிழற்பட நிர்மலா
படத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. இலவசத் தளத்தின் அனுமதி படம் எடுத்தவர் தருவது. படத்தில் இருக்கும் பெண் விளம்பரத்துக்குச் சம்மதித்தாரா என்பது வேறு விஷயம். அவர் உங்கள் கடையைப் பரிந்துரைப்பது போல வைக்கக்கூடாது என்று பெக்ஸல்ஸ் போன்ற தளங்கள் விதியிலேயே சொல்கின்றன. அதிலும் அவர் கட்டியிருப்பது நீங்கள் விற்காத சேலை. உங்கள் அக்கா மகளை உங்கள் சேலையில் நிற்க வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், அதுவே அழகாக இருக்கும். தளத்துப் படம்தான் வேண்டும் என்றால் முகம் தெரியாத ஒன்றாகப் பாருங்கள், பட்டு, விளக்கு, கோலம் மாதிரி. எடுத்த அன்றே உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பிறகு அந்தப் பக்கம் மாறிவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது.

ரீல் ரசிகன்
பாரதியார் வரியாவது போடலாமா, இல்லை அதற்கும் கடிதமா?

சுந்தரம்
போடலாம் தம்பி. 1921-லேயே மறைந்தவர், 1949-ல் அரசு அவர் நூல்களை நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. சினிமாவில் பாடிய பாரதி பாட்டின் பதிவை எடுப்பது மட்டும் கூடாது. அப்புறம், அந்த வரி உண்மையிலேயே பாரதி எழுதியதா என்று புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். அவர் பெயரில் என்னென்னவோ சுற்றுகிறது.

கடைவீதி குமார்
கண்ணதாசன் வரி ஒன்றே ஒன்று, கேப்ஷனில் போட்டால்? அதையும் தடுப்பீர்களா?

சுந்தரம்
1981-ல் மறைந்தார், அதனால் 2041 முடியும் வரை உரிமை உண்டு. விமர்சனத்துக்கு எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது, அந்தப் பட்டியலில் விளம்பரம் இல்லை. நான் போட மாட்டேன்.

நிழற்பட நிர்மலா
இதில் நான் சுந்தரம் சாரோடு ஒத்துப்போகவில்லை. சட்டம் தடுப்பது ஒரு படைப்பின் முக்கியமான பகுதியை எடுப்பதைத்தான். ஒரு வரி அந்த அளவுக்கு வருமா?

சுந்தரம்
பல்லவி முதல் வரி என்றால் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. சரணத்தின் நடுவில் ஒரு வரி என்றால் உங்கள் வாதம் நிற்கலாம். அளவு இவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை.

கடைவீதி குமார்
அப்படியானால் சரணத்து வரியைப் போட்டுத்தான் பார்க்கப் போகிறேன். பாட்டு விஷயத்தில் பூஸ்ட் பற்றிச் சொன்னது மட்டும் யோசிக்க வைக்கிறது.

செண்பகம், ஈரோடு
நாதஸ்வரக்காரரிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அந்தக் கடிதம் முத்திரைத் தாளில்தான் இருக்க வேண்டுமா, வெள்ளைத்தாள் போதுமா என்று யாராவது சொல்லுங்கள்.