ஓ.டி., நைட், ஹாலிடே மூன்றும் ஒரே ஷிப்டில் விழுந்தபோது உங்களுக்கு எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

மலர்விழி

எங்கள் ஷிப்ட் மாலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும். இரவு 11 முதல் 12 வரை இடைவேளை, அதற்குச் சம்பளம் இல்லை. ஆக 11 மணி நேர வேலை. பொது விடுமுறைக்கு முந்தின நாள் மாலை வேலைக்கு ஏறி, விடுமுறை அன்று காலையில் இறங்கினேன்.

ஒப்பந்தப்படி 8 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி., அதற்கு 50 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 6 வரை நைட் படி 25 சதவீதம். பொது விடுமுறையில் வேலை செய்தால் 100 சதவீதம் கூடுதல். பே ஸ்லிப்பில் அந்த ஷிப்டுக்கு 17.25 மணி நேரச் சம்பளம் வந்திருக்கிறது. கேட்டால், "ஹாலிடே ரேட்தான் இருப்பதிலேயே பெரியது, அதைக் கொடுத்தாயிற்று" என்கிறார்கள். விடிய விடிய நின்றதும், 8 மணி நேரம் தாண்டியதும் எங்கே போயிற்று? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

குமரன்

எங்கள் ஆலையிலும் இதே பேச்சுதான். எது பெரியதோ அது ஒன்றுதான் கிடைக்கும் அக்கா. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு படி எங்கேயும் கிடையாது, சட்டமே அப்படித்தான். வீணாக அலைய வேண்டாம்.

சுந்தரம் (சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்)

தம்பி சொல்வதில் பாதி சரி. ஓ.டி.யும் ஹாலிடே படியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். இரண்டுமே "வேலை செய்திருக்கக் கூடாத நேரத்தில் செய்த வேலை"க்கான ஈடு என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நைட் படி அந்த வகை இல்லை. தூக்கம் கெடுவதற்கும் உடம்பு படும் பாட்டுக்கும் கொடுப்பது அது. அதனால் அது பெரும்பாலும் தனியாக நிற்கும்.

"சட்டமே அப்படித்தான்" என்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். ஜப்பானில் வாராந்திரச் சட்ட ஓய்வு நாளில் வேலை செய்தால் 35 சதவீதம் கூடுதல். அன்று 8 மணி நேரம் தாண்டினாலும் ஓ.டி.க்கான 25 அதன் மேல் ஏறாது. ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரையான நேரத்துக்கு நைட் 25 ஏறும், மொத்தம் 60. கொரியாவில் விடுமுறை நாள் வேலைக்கு முதல் 8 மணி நேரம் வரை 50 சதவீதம், அதைத் தாண்டினால் 100, இரவாக இருந்தால் அதற்கு மேல் இன்னொரு 50. ஓ.டி. விஷயத்தில் இரண்டு நாடும் எதிரெதிர், நைட்டில் ஒரே பக்கம்.

மலர்விழி, உங்கள் ஷிப்டை முதலில் மணி வாரியாக வெட்டுங்கள். 6 முதல் 10 வரை 4 மணி நேரம் சாதாரணம். 10 முதல் 11 வரை 1 மணி நேரம் நைட் மட்டும். நள்ளிரவு முதல் 3 மணி வரை ஹாலிடேயும் நைட்டும். 3 மணிக்குத்தான் உங்களுக்கு 8 மணி நேரம் நிறைகிறது, அதனால் 3 முதல் 6 வரை மூன்றும்.

எல்லாம் கூட்டினால் நள்ளிரவுக்கு முன் 5.25, அடுத்த 3 மணி நேரம் 2.25 மடங்கில் 6.75, கடைசி 3 மணி நேரம் 2.75 மடங்கில் 8.25. மொத்தம் 20.25. உங்களுக்கு வந்த 17.25இல் நள்ளிரவுக்குப் பிறகான 6 மணி நேரமும் வெறும் 2 மடங்கு. நைட்டில் 1.5, ஓ.டி.யில் 1.5, ஆக 3 மணி நேரச் சம்பளம் குறைகிறது.

இந்த 3 முழுதும் உங்களுக்குச் சேருமா என்பது ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. "ஒரே மணி நேரத்துக்கு" என்று தொடங்கும் வரி ஏதும் இருக்கிறதா, பாருங்கள்.

ஜெயந்தி

நானும் விடுமுறையில் வேலை செய்தேன். பதிலுக்கு வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், பணம் தரவில்லை. இது சரியா?

சுந்தரம்

அம்மா, அது வேறு கேள்வி. மாற்று லீவு ஹாலிடே படிக்கு ஈடாகலாம், உங்கள் ஒப்பந்தம் அப்படிச் சொன்னால். அந்த ஷிப்டில் இரவு நேரம் இருந்திருந்தால் நைட் படியை லீவு விழுங்காது. உங்கள் பே ஸ்லிப்பில் நைட் என்று தனி வரி வந்ததா என்று பாருங்கள்.

அருள்தாஸ்

கூட்டுவானேன், பெருக்க வேண்டும் இல்லையா? 2 × 1.25 × 1.5 போட்டால் கடைசி 3 மணி நேரத்துக்கு 3.75 மடங்கு வருகிறது. மொத்தம் 24 ஆகும்!

சுந்தரம்

ஒவ்வொரு சதவீதமும் எதன் மேல் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் விடை. "அடிப்படை மணி நேர ஊதியத்தில் 25 சதவீதம்" என்றால் கூட்டல். "அந்த நேரத்துக்கு உரிய ஊதியத்தில்" என்றால் பெருக்கலுக்கு வாதாடலாம். நான் பார்த்தவரை அதிகம் கூட்டல்தான்.

பாத்திமா

என் அனுபவம் வேறு இடத்தில் கோணியது. எங்களுக்கும் 6 முதல் 6. விடுமுறைக்கு முந்தின இரவும், விடுமுறை அன்று இரவும், இரண்டிலும் ரோஸ்டரில் என் பெயர். முதல் ஷிப்டுக்கு ஹாலிடே படியே வரவில்லை. "ஷிப்ட் தொடங்கிய நாள்தான் கணக்கு" என்றார்கள். சரி, அப்படியானால் இரண்டாவது ஷிப்ட் முழுவதும் ஹாலிடேதானே? அதில் நள்ளிரவு வரை மட்டும் கொடுத்திருந்தார்கள். அங்கே "தேதி மாறிவிட்டது" என்று பதில்.

இடைவேளையைக் கழித்து நானே எழுதிப் பார்த்தேன். தேதிப்படி பிரித்தால் முதல் ஷிப்டில் 6, இரண்டாவதில் 5. தொடங்கிய நாள்படி என்றால் முதலில் பூஜ்யம், இரண்டாவதில் 11. எந்த முறையானாலும் இரண்டு இரவும் சேர்ந்து 11 வர வேண்டும். எனக்கு வந்தது 5. இரண்டு பே ஸ்லிப் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த 11ஐ மட்டும் காட்டினேன், மீதியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஷிப்டை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் சொன்ன ஒவ்வொரு பதிலும் நியாயமாகவே தெரிந்திருக்கும்.

குமரன்

இது எனக்கும் நடந்திருக்கும் போல. பழைய ஸ்லிப்பை எடுத்துப் பார்க்கிறேன்.

மலர்விழி

சுந்தரம் ஐயா, அந்த வரி இருக்கிறது. "ஒரே மணி நேரத்துக்கு ஓ.டி. கூடுதலும் விடுமுறைக் கூடுதலும் சேர்த்து வழங்கப்படாது, உயர்ந்தது வழங்கப்படும்." நைட் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சுந்தரம்

அப்படியானால் ஓ.டி.யின் 1.5ஐ விட்டுவிடுங்கள். அதையும் சேர்த்துக் கேட்டால் அந்த வரியைக் காட்டி மொத்த மனுவையும் திருப்பி அனுப்புவார்கள். நைட்டின் 1.5 உங்களுடையது. வர வேண்டியது 18.75. நேர வாரியாக நான்கு வரி எழுதி, பஞ்ச் பதிவின் நகலோடு கொடுங்கள்.

மலர்விழி

கொடுத்தேன். நைட் படி விடுபட்டதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சாப்ட்வேரில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோட் மட்டுமே ஏறுமாம், ஹாலிடே கோட் போட்டால் நைட் கோட் அழிந்துவிடுகிறதாம். சரிசெய்யும் வரை பொறுக்கச் சொல்கிறார்கள்.

சுந்தரம்

சாப்ட்வேர் மாறுகிறபோது மாறட்டும். இந்த மாதமே "நைட் படி நிலுவை, 1.5 மணி நேரம்" என்று கையால் ஒரு வரி சேர்க்க முடியும், எல்லாச் சம்பளப் பிரிவிலும் அதற்கு வழி உண்டு. உங்களோடு அன்று ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கோட்தான் அழிந்திருக்கும், அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அருள்தாஸ்

ஒரு சந்தேகம். வாரத்துக்கு இத்தனை மணி என்று ஓ.டி. கணக்கிடும் இடங்களில், ஹாலிடே ரேட் வாங்கிய 6 மணி நேரம் அந்த வாரக் கணக்கில் சேருமா?

பாத்திமா

எங்களிடம் சேர்க்கிறார்கள். என் தங்கை வேலை செய்யும் இடத்தில், ஏற்கெனவே கூடுதல் வாங்கிய நேரம் என்று கழித்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.