சோலார்: வெயில் நாளில் மட்டும் எச்சரிக்கை வருகிறது, உதவி தேவை

மாங்குளம்_தம்பி: தினமும் இரவில் ஓடும் சிறிய ஸ்கிரிப்ட் எழுதினேன். உற்பத்தி குறைந்தால் போனுக்குச் செய்தி வரும். இப்போது நல்ல வெயில் நாள் எல்லாம் செய்தி வருகிறது. ஸ்கிரிப்ட் பிழையா, பேனல் பிழையா? அவசரம்.

வயரிங்_அண்ணை: எத்தனை கிலோவாட்? எதிர்பார்ப்பை எப்படிக் கணக்கிடுகிறீர்? ஜாதகம் பார்க்கவாவது பிறந்த நேரம் தர வேண்டும், தம்பி.

செம்மண்_தோட்டம்: தூசிதான். தோட்டத்துக்குப் பக்கத்தில் எனக்கும் இதே கதை. கிணற்றுத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

மாங்குளம்_தம்பி: 5 கிலோவாட் பேனல், இன்வெர்ட்டரும் 5. கதிர்வீச்சு Open-Meteo-வின் `shortwave_radiation_sum`.

```
expected = 5 * (mj / 3.6) * 0.78
if actual < 0.8 * expected: alert()
```

வெயில் நாள்: 21.6 மெகாஜூல், கிடைத்தது 17.1 யூனிட். மப்பு நாள்: 12.6, கிடைத்தது 13.2.

வவுனியா_கணக்கு: 3.6ஆல் வகுத்தது சரி. வெயில் நாளில் 23.4 வர வேண்டும், உமக்குக் கிடைத்தது அதில் 73 வீதம். மப்பு நாளில் 13.65க்கு 13.2, ஏறக்குறைய முழுதும். தூசி என்றால் இரண்டு நாளும் ஒரே விகிதத்தில் குறையும். வெயில் ஏறும்போது மட்டும் குறைந்தால் நடுப்பகலில் ஏதோ வெட்டுகிறது. இன்வெர்ட்டரின் 5 நிமிடப் பதிவில் 11 முதல் 2 மணி வரை ஏசி வோல்டேஜைப் பாரும். லைன் கடைசி வீடு என்றால் 253 வோல்ட் தாண்டி இன்வெர்ட்டர் தானாக நிற்கும்.

வயரிங்_அண்ணை: வெப்பத்தையும் விடாதீர். சூட்டில் பேனல் குறைவாகத்தான் தரும்.

வவுனியா_கணக்கு: அது 0.78க்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், 27 வீதத்தைத் தின்னாது. தம்பி, ஒரு நாளை வைத்து எச்சரிக்க வேண்டாம். அந்தக் கதிர்வீச்சு ஒரு மாதிரியின் மதிப்பீடு, உமது கூரைக்கு மேல் நின்ற முகிலை அது காணாது. வெயில் நாள்களுக்கும் மப்பு நாள்களுக்கும் தனித்தனியாகக் கடைசி 7 நாள் வீதத்தின் நடு மதிப்பை எடும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் அழுக்கு அல்லது ஒரு வரிசை பேனல் செத்தது. வெயில் நாள் மதிப்பு மட்டும் விழுந்தால் வோல்டேஜ்.

செம்மண்_தோட்டம்: எப்படியும் கழுவினால் நல்லதுதானே?

வயரிங்_அண்ணை: கிணற்றுத் தண்ணீரா! வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் படிவு பிடித்துவிடும். மழைத் தண்ணீர் பிடித்து அதிகாலையில் கழுவுங்கள்.

செம்மண்_தோட்டம்: எங்கள் கிணறு நல்ல தண்ணீர், ஐயா. அதில்தான் தேநீர் போடுகிறோம்.

வயரிங்_அண்ணை: கேத்திலின் அடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாரும்.

மாங்குளம்_தம்பி: பார்த்தேன். 12 மணிக்கு 254, உடனே உற்பத்தி பூச்சியம், சில நிமிடத்தில் மறுபடி ஏறுகிறது. மத்தியானம் முழுதும் வரைபடம் வாள் பல்லுப் போல. ஞாயிறு மோசம், பக்கத்து அரிசி ஆலை பூட்டு. இன்வெர்ட்டரில் எல்லையை 260 ஆக்கலாமா?

வவுனியா_கணக்கு: வேண்டாம். வீட்டுச் சாமானும் அந்த 260ஐத்தான் தாங்க வேண்டும். பதிவை எடுத்துக்கொண்டு மின் அலுவலகத்தில் டிரான்ஸ்போமர் டெப் பார்க்கச் சொல்லும். மீற்றர் வரைக்கும் உமது வயர் எத்தனை தடிப்பு?