வீடியோ கேஒய்சில அம்மா அக்கவுன்ட் ரெண்டு தடவ ரிஜெக்ட் ஆயிருச்சு

கோவில்பட்டி குமார்
அம்மாவுக்கு 61 வயசு, மூட்டு வலி, பேங்க் மாடிப்படி ஏற முடியாது, அதனால ஆன்லைன்லயே சேவிங்ஸ் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணலாம்னு போன வாரம் உக்காந்தோம். ஆதார் ஓடிபி, பேன் நம்பர் எல்லாம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. வீடியோ கால்ல ஒரு மேடம் வந்தாங்க, பேரு, பிறந்த தேதி கேட்டாங்க, அம்மா நல்லாத்தான் சொன்னாங்க. அப்புறம் "வருஷ வருமானம் எவ்ளோம்மா"ன்னு கேட்டதும் அம்மா என்னைய திரும்பிப் பாத்தாங்க, நான் மெதுவா "ஒரு லட்சத்துக்குள்ளன்னு சொல்லும்மா"ன்னேன். அவ்ளோதான். "பக்கத்துல யாரோ சொல்லித் தர்றாங்க, இதத் தொடர முடியாதும்மா"ன்னு கட் பண்ணிட்டாங்க, சாயங்காலம் ரிஜெக்ட்னு மெசேஜ். தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு அம்மா ராத்திரி சரியா சாப்பிடக்கூட இல்ல. பெத்த புள்ள பக்கத்துல இருந்தா குத்தமா?

பழைய டெஸ்க்காரன்
குமார் தம்பி, நான் ரெண்டு வருஷம் இந்த வீடியோ டெஸ்க்லதான் வேலை பாத்தேன். அந்த மேடத்து மேல தப்பு இல்லப்பா. கஸ்டமர் பக்கத்துல யாராவது சொல்லிக் குடுக்குறது தெரிஞ்சா ரிஜெக்ட் பண்ணியே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் ரூல்லயே இருக்கு. வயசானவங்க பேர்ல அக்கவுன்ட் தொறந்து மோசடிப் பணத்த ஓட்டுறவன் இருக்கான், அவனும் "நான் மகன்"னுதான் சொல்லுவான், ஸ்க்ரீன்ல பாக்குறவங்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அவங்களே பாவம் பாத்து விட்டாலும் அந்த ரெக்கார்டிங்க இன்னொரு டீம் ஆடிட் பண்ணி ஓகே சொன்னாத்தான் அக்கவுன்ட் ஆக்டிவ் ஆகும், அங்க மாட்டிக்கும்.

அடுத்த தடவ போனை ஜன்னலப் பாத்த மாதிரி சாய்ச்சு வச்சுக் குடுத்துட்டு நீங்க அடுத்த ரூமுக்குப் போயிருங்க. வருமானத்துக்கு அம்மா "எனக்குன்னு வருமானம் இல்ல, மகன் குடுக்குறான்"னு உள்ளதச் சொன்னாப் போதும். மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, கேள்வியோட வரிசை ஆளுக்கு ஆள் மாறும். லொகேஷன் ஆன்ல இருக்கணும், ஒரிஜினல் பேன் கார்டு, வெள்ளப் பேப்பர், பேனா கைல இருக்கணும். தமிழ்ல பேசுற ஆள் வேணும்னா லாங்குவேஜ் செலக்ட் பண்ற இடத்துலயே தமிழ் குடுத்துருங்க.

மதுரைப் பாண்டி
எதுக்குண்ணே இவ்ளோ பாடு, ஆன்லைன் அக்கவுன்ட்ல எப்படியும் ஒரு லட்சத்துக்கு மேல வைக்க முடியாது, ஒரு வருஷத்துல க்ளோஸ் பண்ணிருவாங்க. என் தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு.

பழைய டெஸ்க்காரன்
பாண்டி, அது வெறும் ஆதார் ஓடிபியோட நிறுத்திட்ட அக்கவுன்ட்டுக்கு. அதுல பேலன்ஸ் 1 லட்சம், வருஷ வரவு 2 லட்சம்னு லிமிட், வருஷத்துக்குள்ள ஃபுல் கேஒய்சி முடிக்கலன்னா மூடிருவாங்க. வீடியோ முடிச்சா அது ஃபுல் கேஒய்சி, அந்த லிமிட் கிடையாது. உங்க தம்பி வீடியோவ முடிக்காம விட்டிருப்பாரு, கேட்டுப் பாருங்க.

சிங்கை செல்வி
நான் சிங்கப்பூர்லேர்ந்து ட்ரை பண்ணேன், கால் கனெக்டே ஆகல. விபிஎன் போட்டா வருமா?

பழைய டெஸ்க்காரன்
வேணாம்மா. கால் பண்ற நேரத்துல ஆள் இந்தியாவுக்குள்ள இருக்கணும், லொகேஷனையும் ஐபியையும் சேத்துப் பாப்பாங்க. அதுவுமில்லாம வெளிநாட்டுல குடியிருக்கிறவங்க சாதா சேவிங்ஸ் தொறக்கக் கூடாது, உங்களுக்கு என்ஆர்ஐ அக்கவுன்ட்தான், பேங்க்ல தனியா கேளுங்க.

கோவில்பட்டி குமார்
நேத்து மறுபடி பண்ணோம். நான் வாசல்ல போய் நின்னுக்கிட்டேன். அம்மா தைரியமா எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க, ஆனா பேன் காட்டச் சொன்னப்ப நான் எடுத்து வச்சிருந்தது இ-பேன் பிரிண்ட் அவுட், கலர்லதான் எடுத்தேன், அது செல்லாதுன்னுட்டாங்க, ரெண்டாவது ரிஜெக்ட். ஒரிஜினல் கார்டு பீரோவுல அப்பாவோட பழைய பாஸ்புக்குக்குள்ள இருந்து இப்பதான் கெடச்சுது. லேமினேட் பண்ணிருக்கு, பரவாயில்லையா? மறுபடி ஆதார் ஓடிபி போடணுமா?

பழைய டெஸ்க்காரன்
ஆதார் விவரம் எடுத்து மூணு வேலை நாளுக்குள்ள வீடியோ முடியணும். ஆனா ரிஜெக்ட் ஆனதால ஆப் புதுசாத்தான் ஆரம்பிக்கச் சொல்லும், போட்டுருங்க. லேமினேஷன் பரவாயில்ல, ட்யூப்லைட் அதுல பளிச்சுன்னு அடிச்சா எழுத்து தெரியாது, லைட்ட அணைச்சுட்டு பகல் வெளிச்சத்துல கார்ட லேசா சாய்ச்சுக் காட்டச் சொல்லுங்க.

தேனி மலர்
பேரையும் பாருங்க குமார். எனக்கு ஆதார்ல இனிஷியலோட பேரு, பேன்ல அப்பா பேர் முழுசா முன்னாடி வருது. ஒரு பேங்க் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, இன்னொரு பேங்க் அதே கார்ட பாத்து ஓகே பண்ணிட்டாங்க. எதுக்கும் பேன்ல கரெக்‌ஷன் போட்டு வச்சிருக்கேன்.

கோவில்பட்டி குமார்
ஐயோ, அம்மாவுக்கும் ஆதார்ல இனிஷியல்தான், பேன்ல தாத்தா பேர் முழுசா இருக்கு. டெஸ்க்கார அண்ணே, இது தேறுமா?

பழைய டெஸ்க்காரன்
பேங்குக்கு பேங்க் மாறும் தம்பி, உறுதியா சொல்ல முடியல. கால்ல கேட்டா அம்மாவே "அது எங்க அப்பா பேரு"ன்னு சொல்லட்டும். முடிச்சதும் ரெண்டு மூணு நாள் ஆடிட்ல நிக்கும், அதுவரைக்கும் பணம் எதுவும் போட்டுராதீங்க.

கோவில்பட்டி குமார்
நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பண்றோம்ணே. அம்மா இப்பவே பேனாவும் பேப்பரும் எடுத்து டேபிள்ல வச்சுட்டாங்க.