4800 பிரேம், 12 நாள்: வீட்டிலேயே ஓட்டலாமா, வாடகை மெஷினா?

ஒத்தைக்கார்டு
3 நிமிடம் 20 நொடிப் படம். பிளெண்டர் 4.2, சைக்கிள்ஸ், 1080, நொடிக்கு 24 பிரேம். முதல் பிரேம் 48 நொடியில் முடிஞ்சுது. 4800-ஆல பெருக்கினா 64 மணி நேரம்தான் வருது. கையில் 12 நாள் இருக்கு. இதை நம்பி வீட்டு மெஷின்லயே போட்டுடலாமா? டிஸ்க் எவ்வளவு வேணும்?

சாம்பல்பூனை
நம்பாதீங்க. முதல் பிரேம்ல பெரும்பாலும் டைட்டிலோ காலி வானமோதான் இருக்கும். அதை வெச்சு படத்தை எடை போட முடியாது. இதை ஓட்டிட்டு வாங்க:

```
blender -b padam.blend -o //test/f_##### -s 1 -e 4800 -j 200 -a
```

200 பிரேமுக்கு ஒண்ணுன்னு 1, 201, 401… 4601 வரைக்கும் 24 பிரேம் ரெண்டர் ஆகும். `-a` கடைசியில்தான் வரணும். கட்டளையை இடமிருந்து வலமா படிக்கும், `-a`-க்கு அப்புறம் எழுதினது எதுவும் அந்த ரெண்டருக்குச் சேராது. ஒவ்வொரு பிரேமும் சேவ் ஆனதும் `Time:` என்று ஒரு வரி வரும். அத்தனையையும் கூட்டி 200-ஆல பெருக்குங்க. ஃபோல்டர் அளவையும் அதே 200-ஆல பெருக்கினா டிஸ்க் கணக்கும் வந்துடும்.

பாதிரிசல்யூஷன்
இவ்வளவு எதுக்கு? ரிசல்யூஷனை 50% வெச்சு டெஸ்ட் பண்ணி, வர்ற நேரத்தை நாலால பெருக்குங்க. பிக்சல் கால்வாசிதானே.

சாம்பல்பூனை
பிக்சலுக்கு ஆகிற நேரம்தான் கால்வாசி ஆகும். சீனைத் தயார் பண்றது, டெக்ஸ்சரைக் கார்டுக்கு ஏத்துறது எல்லாம் அப்படியே நிக்கும். 70 நொடி பிரேம்ல 25 நொடி தயாரிப்புன்னு வெச்சுக்குங்க. பாதி ரிசல்யூஷன்ல 25-உம் 11-உம் சேர்ந்து 36 நொடி. நாலால பெருக்கினா 144. இரண்டு மடங்கு தப்பு. மெமரி பத்தாம போற சிக்கலும் சின்ன ரிசல்யூஷன்ல கண்ணுக்குத் தெரியாம போயிடலாம்.

நள்ளிரவு_ரெண்டர்
நேரா MP4-ஆ எடுத்தா டிஸ்க் பிரச்சினையே இல்லையே? நான் எப்பவும் அப்படித்தான்.

பழைய_டவர்
நானும் அப்படித்தான் இருந்தேன், மூணாவது ராத்திரி கரண்ட் போற வரைக்கும். ஃபைல் திறக்கவே இல்லை, இரண்டரை நாள் வேலை போச்சு. தனித்தனி பிரேமா இருந்தா நின்ன இடத்திலிருந்து தொடரலாம். `Overwrite`-ஐ எடுத்துவிட்டா இருக்கிற பிரேமை அதுவே தாண்டிப் போயிடும்.

ஒத்தைக்கார்டு
ஓட்டிட்டேன். 17 பிரேம் சுமார் 70 நொடி, 5 பிரேம் சுமார் 150. ஆனா மூடுபனி ஷாட்ல விழுந்த 2 பிரேமும் ஆளுக்கு 11 நிமிடம்! மொத்தம் 3260 நொடி. 200-ஆல பெருக்கினா 181 மணி நேரம். ஃபோல்டர் 912 எம்பி, அதாவது பிரேமுக்கு 38. முழுப் படத்துக்கு 182 ஜிபி வருது. அரண்டுட்டேன்.

சாம்பல்பூனை
இன்னும் முடியலை. அந்த மூடுபனி ஷாட் எத்தனை பிரேம்?

ஒத்தைக்கார்டு
560.

சாம்பல்பூனை
அப்போ 181-உம் குறைச்சல்தான். 2 சாம்பிள் விழுந்ததால அந்த ஷாட்டை 400 பிரேமா எண்ணியிருக்கோம். ஷாட் நீளம் தெரியும்போது தனித்தனியா பெருக்கணும். எடிட்ல பார்த்து மத்த ரெண்டு வகையும் எத்தனை பிரேம்னு சொல்லுங்க.

ஒத்தைக்கார்டு
லேசானது 3300, நடுத்தரம் 940.

சாம்பல்பூனை
3300 × 70 = 2,31,000 நொடி. 940 × 150 = 1,41,000. 560 × 660 = 3,69,600. கூட்டினா 7,41,600 நொடி, சரியா 206 மணி நேரம். எட்டரை நாளுக்கு மேல. எட்டுல ஒரு பங்குகூட இல்லாத ஒரு ஷாட் பாதி நேரத்தைத் தின்னுது பாருங்க.

மேகவாசி
இதுக்குத்தான் வாடகை மெஷின். 10 மெஷின் எடுங்க, 21 மணி நேரத்துல முடிஞ்சுது. எட்டரை நாள் கார்டை வறுத்தெடுக்கிறது எதுக்கு?

பழைய_டவர்
10-ஆல வகுத்தா கணக்கு முடிஞ்சுதா? மூடுபனி கேஷ் எவ்வளவு பெரிசு? அதையும்ல ஏத்தணும்.

ஒத்தைக்கார்டு
VDB, பிரேமுக்கு 90 எம்பி.

பழைய_டவர்
560 × 90 = 50 ஜிபி. உங்க அப்லோட் நொடிக்கு 20 மெகாபிட்னா 2.5 எம்பி. அஞ்சரை மணி நேரத்துக்கு மேல ஏத்தவே ஆகும். 182 ஜிபியைத் திரும்ப இறக்கணும், 50 மெகாபிட் லைன்ல 8 மணி நேரம். சில இடத்துல இறக்கறதுக்கும் தனிக் காசு.

மேகவாசி
முதல் பிரேம் முடிஞ்ச உடனே இறக்க ஆரம்பிக்கலாமே? ரெண்டர் ஓடிட்டே இருக்கும். கடைசிவரை காத்திருக்கிற மாதிரி கணக்குப் போடாதீங்க.

சாம்பல்பூனை
அது நியாயம்தான். ஆனா காசை வேற ஒண்ணு தின்னும். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பிளெண்டர் புதுசா திறந்து ஃபைலை ஏத்தும். அதுக்கு 40 நொடின்னு வைங்க. டாஸ்க்குக்கு ஒரு பிரேம்னு போட்டா 4800 × 40, கிட்டத்தட்ட 53 மெஷின் மணி நேரம் சும்மா போகும். 20 பிரேம் சேர்த்து ஒரு டாஸ்க்னா 240 தடவைதான் திறக்கும், மூணு மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். ரொம்பப் பெரிய டாஸ்க்கும் ஆபத்துதான், பாதியில மெஷின் விழுந்தா எப்போ தெரியும்னு சொல்ல முடியாது. அவங்க கார்டு உங்களுதைவிட எத்தனை மடங்குன்னு விளம்பரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அதே மூடுபனி பிரேமையும் லேசான ஒண்ணையும் அங்க அனுப்பிப் பாருங்க.

பாதிரிசல்யூஷன்
`Time Limit` 120 நொடின்னு வெச்சா? 4800 × 120 = 160 மணி நேரம், அதுக்கு மேல போகாது.

சாம்பல்பூனை
போகும். அந்த எல்லைக்குள்ள சீன் தயாரிப்பு நேரம் வராது. அதோட, 11 நிமிட பிரேமை 2 நிமிடத்துல அறுத்தா மூடுபனி முழுக்க புள்ளி. டெனாய்ஸ் பண்ணினா கொழகொழன்னு அலையும்.

பழைய_டவர்
நான் சொல்றது இதுதான்: மூடுபனியை விட்டுட்டா மீதி 3,72,000 நொடி, 103 மணி நேரம். நாலே கால் நாள்ல வீட்டிலேயே முடியும். அந்த 24 பிரேம் டெஸ்ட் 54 நிமிடம் ஓடியிருக்கு. அதுல கடைசிப் பக்கம் வந்த லேசான பிரேம் எல்லாம் முதல்ல வந்ததைவிட மெதுவா இருந்துச்சான்னு பாருங்க. இருந்தா சூடு ஏறிக் கார்டு வேகத்தைக் குறைச்சிருக்கு. அப்போ 103-உம் நிக்காது.

ஒத்தைக்கார்டு
பார்த்தேன். முதல்ல 67, கடைசியில 73. மூடுபனியை மட்டும் வெளியே அனுப்ப நினைக்கிறேன். ஒரு பிரேம் அனுப்பிப் பார்த்ததுல 4 நிமிடம் 10 நொடி. அதுல 55 நொடி ஃபைல் திறக்கவே போச்சு.

மேகவாசி
முழுப் படத்தையும் அனுப்பிடுங்களேன். ஒரு ஷாட்ல ஏதாவது தப்பாகி மறுபடி ஓட்டணும்னா 12 நாள்ல இடமே இருக்காது. நான் எப்பவும் மதிப்பிட்ட நேரத்தோட இன்னொரு மடங்கு சேர்த்துத்தான் யோசிப்பேன்.

பழைய_டவர்
ஒரு மடங்கா? கால் பங்கு போதும். டெஸ்ட் பிரேம்களை ஒழுங்கா உத்துப் பார்த்திருந்தா மறு ரெண்டர் அவ்வளவு வராது.

சாம்பல்பூனை
அனுப்பறதுக்கு முன்னாடி வால்யூம் `Step Rate`-ஐ 1-லிருந்து 2-ஆ மாத்தி ஒரு மூடுபனி பிரேம் பாருங்க. நேரம் நல்லா இறங்கலாம். ஆனா ஒரு பிரேம் அழகா இருந்தா நம்பிடாதீங்க, பட்டை பட்டையா நடுங்குறது ஓடும்போதுதான் தெரியும். தொடர்ச்சியா 24 பிரேம் எடுங்க.

ஒத்தைக்கார்டு
பிரேம் 6 நிமிடமா இறங்கிடுச்சு. 24 பிரேம்னா 2 மணி 24 நிமிடம். இப்போ போட்டுட்டுப் படுக்கப் போறேன், காலையில ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்.